இரண்டாவது ஏணி எங்கள் கிளையில் இருக்கிறதா?

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் வேலை செய்பவர்களுக்குப் பத்து வருட அனுபவம் ஆகும்போது ஒரு கேள்வி வந்து நிற்கும். சீனியர் எஞ்சினியர், ரெக் லீட் வரைக்கும் எல்லோருக்கும் ஒரே பாதைதான். அதற்கு மேலே இரண்டு ஏணி, ஒரு பக்கம் எஞ்சினியரிங் மனேஜர், மற்றப் பக்கம் ஆர்க்கிடெக்ட். எதில் ஏறுவது என்பதுதான் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி வந்தபோது நான் ஒரு கிளை அலுவலகத்தில் ரெக் லீட். தலைமை அலுவலகம் கொழும்பில், வாடிக்கையாளர் நோர்வேயில், யாழ்ப்பாணத்தில் இரண்டே இரண்டு ரீம்.

ஆட்களோடு பழகப் பிடித்தால் மனேஜர், கோட் எழுதப் பிடித்தால் ஆர்க்கிடெக்ட் என்று பலர் சொல்வார்கள். இதை வைத்து முடிவெடுத்த சிலர் பிறகு மனம் நொந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வேலையும் உள்ளே எப்படி இருக்கும் என்பதை எனக்குக் காட்டியவை, ஒரே வருடத்தில் நடந்த இரண்டு விஷயங்கள்.

முதலாவது, சில ஓர்டர்களுக்கு இரண்டு பில் விழுந்த பிரச்சினை. மொபைல் அப் 30 வினாடி பார்த்துவிட்டுப் பதில் வராவிட்டால் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பும். சேர்வரோ முதல் கோரிக்கையைக் கொஞ்சம் பிந்தி முடித்துவிட்டு, இரண்டாவதையும் புதிய ஓர்டர் என்று நினைத்துச் செய்துவிடும். இதற்குத் தீர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப் ஒவ்வொரு ஓர்டருக்கும் ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, திரும்ப அனுப்பும்போதும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். சேர்வர் அந்த எண்ணைத் தரவுத்தளத்தில் ஒருமுறைக்கு மேல் பதிய முடியாதபடி வைத்திருந்து, அது மறுபடி வந்தால் பழைய பதிலையே கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கோட் சில நாளில் முடிந்தது. ஆனால் அப் கொழும்பு ரீமிடம், பில் போடும் சேர்விஸ் இன்னொரு ரீமிடம். அவர்கள் யாரும் எனக்குக் கீழே வேலை செய்பவர்கள் இல்லை. மூன்று பக்கத்தில் ஒரு வடிவமைப்புக் குறிப்பு எழுதினேன். பழைய அப் பதிப்பை வைத்திருப்பவர்கள் அந்த எண்ணை அனுப்பமாட்டார்களே, அவர்களுக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். எண்ணை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று இன்னொருவர் கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள், குறிப்பைத் திருத்தினேன். எல்லோரும் ஒத்துக்கொண்டு வேலை வெளியே போக இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. ஆர்க்கிடெக்டின் வேலை பெரும்பாலும் இதுதான். அதிகாரம் இல்லாத இடத்தில் ஆட்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஆட்களோடு மினக்கெட விருப்பமில்லை என்பதற்காக இந்தப் பக்கம் வருபவருக்கு இது சரிவராது.

இரண்டாவது, எங்கள் மனேஜர் பிரசவ விடுமுறையில் போனபோது அவருடைய வேலையை நான் பார்த்த காலம். நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பிள்ளை, கெட்டிக்காரி, நவம்பரில் திடீரென்று மீற்றிங்குகளில் கதைக்காமல் விட்டுவிட்டாள். பாதியிலேயே எழும்பியும் போவாள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று அவளுடைய மதிப்பீட்டுப் படிவத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அவளோடு தனியாக இருந்து கதைத்தேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தால், "அண்ணா, அந்த மீற்றிங் இப்ப ஆறரைக்குத்தானே தொடங்குது. அதுக்குப் பிறகு எனக்கு பஸ் இல்லை" என்றாள்.

அந்த மீற்றிங் ஒஸ்லோ நேரம் பிற்பகல் 2 மணிக்கு என்று போடப்பட்டிருந்தது. கோடையில் அது எங்களுக்கு மாலை 5.30. ஒக்ரோபர் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள், நாங்கள் வைப்பதில்லை. அன்றிலிருந்து அது 6.30 ஆகிவிட்டது. மாரி மழையும் தொடங்கிவிடும் காலம். மீற்றிங்கை ஒஸ்லோ நேரம் காலை 9.30க்கு மாற்றினேன், எங்களுக்கு அது பிற்பகல் 2 மணி. படிவத்தில் இருந்த அந்த வரியையும் எடுக்க வைத்தேன். அதற்குப் பிறகு அவள் முன்போலவே கதைத்தாள். அந்த மாதம் நான் ஒரு வரி கோட் எழுதவில்லை. ஆனாலும் அந்த வேலை எனக்கு நிறைவாக இருந்தது.

இரண்டுமே பிடித்திருந்தது. அதனால் விருப்பத்தைக் கேட்டு முடிவெடுக்க முடியவில்லை. எங்கள் நிறுவனத்தில் முன்பு ஆர்க்கிடெக்டாக இருந்த ஒரு அண்ணையிடம் கேட்டேன். "தம்பி, பதவிப் பேரை விடுங்கோ. உங்களுக்கு மேல இருக்கிற ஆர்க்கிடெக்ட் போன வருசம் என்னென்ன முடிவு எடுத்தவர் எண்டு கேட்டுப் பாருங்கோ" என்றார். எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

கேட்டுப் பார்த்தேன். பல நிறுவனங்களில் மனிதவளப் பிரிவு தரும் அட்டவணையில் இரண்டு ஏணியும் சமமாகத்தான் இருக்கும், சம்பளப் படியும் ஒன்றாகவே காட்டப்பட்டிருக்கும். அட்டவணையில் தெரியாதது, எந்தத் தரவுத்தளம் பாவிப்பது, எந்தச் சேர்விஸை உடைப்பது, எதை வாங்குவது, எதை நாங்களே கட்டுவது என்பவை எந்த அறையில் முடிவாகின்றன என்பது. எங்கள் விஷயத்தில் அது கொழும்பில் கிழமைக்கு ஒருமுறை நடக்கும் வடிவமைப்புக் கூட்டம். அதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் இல்லை. அந்தக் கூட்டத்தில் இல்லாமல் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரை வாங்கினால், சம்பளம் கூடிய சீனியர் எஞ்சினியராக இருந்து, மற்றவர்கள் எடுத்த முடிவுகளைச் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டு ரீம் மட்டும் உள்ள கிளையில் இந்த ஆபத்து அதிகம். ஆர்க்கிடெக்டை அளப்பது அவருடைய முடிவு எத்தனை ரீமைத் தொடுகிறது என்பதை வைத்து, இங்கே தொடுவதற்கே இரண்டுதான் இருக்கின்றன.

மனேஜர் பக்கத்துக்கும் கிளையில் ஒரு எல்லை இருக்கிறது. ஆட்கள் கூடினால்தான் மனேஜர் பதவி கூடும். 2022 நெருக்கடிக்குப் பிறகு அனுபவமுள்ள பலர் வெளிநாடு போனார்கள், இப்போதும் போகிறார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பிள்ளைகளைப் பயிற்சியில் எடுத்து ஆளாக்குவதும், ஆளான பிறகு போகாமல் வைத்திருக்க முயற்சிப்பதும் இங்கத்தைய மனேஜரின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துவிடும். அது பெறுமதியான வேலை. விரும்பிச் செய்பவர் கிடைத்தால் அந்தக் கிளை தப்பும்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனடாவுக்குப் போக மனேஜர் என்ற பெயர் உதவும் என்று நினைத்து அதை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். கனடாவின் தொழில் வகைப்படுத்தலில் மென்பொருள் பொறியியலாளருக்கு 21231, தகவல் தொழில்நுட்ப மனேஜருக்கு 20012 என்று தனித்தனி எண்கள் இருக்கின்றன. இரண்டுமே திறமைத் தொழில்கள்தான். அவர்கள் பார்ப்பது கடிதத்தில் எழுதிய கடமைகளை. கடமை ஒன்றும் பெயர் இன்னொன்றுமாக இருந்தால் விண்ணப்பத்தில் சிக்கல்தான் வரும்.

நான் ஆர்க்கிடெக்ட் பக்கத்தை எடுத்தேன். எடுக்க முன்னர் என் தலைவரிடம் மூன்று விஷயத்தை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொன்னேன். கொழும்பு வடிவமைப்புக் கூட்டத்தில் எனக்கு நிரந்தர இடம் வேண்டும். ஓர்டரும் பில்லும் சேரும் பகுதி முழுவதற்கும், எந்த ரீம் செய்தாலும், வடிவமைப்புப் பொறுப்பு எனக்கு வேண்டும். சம்பளப் படி மனேஜர் படியோடு ஒன்றாக இருக்க வேண்டும். முதல் இரண்டையும் உடனே ஒத்துக்கொண்டார். மூன்றாவதற்கு அடுத்த மதிப்பீடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் கிடைத்தது. மனேஜர் பதவி வந்தபோது மற்ற ரீமிலிருந்த ஒரு தோழி விண்ணப்பித்து எடுத்தார். ஒக்ரோபர் வரமுன்னர் மீற்றிங் நேரங்களைச் சரிபார்ப்பதை அவரிடம் ஒப்படைத்தேன்.

இப்போது ஒவ்வொரு டிசெம்பரிலும் அந்த வருடம் நான் பங்கெடுத்த முடிவுகளை ஒரு பட்டியலாக எழுதுகிறேன். எந்த முடிவு, எந்த ரீம்களைத் தொட்டது, நான் அங்கே இல்லாவிட்டால் வேறு மாதிரி முடிந்திருக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறித்துவைக்கிறேன். அந்தப் பட்டியல் இரண்டு வருடம் தொடர்ந்து மெலிந்தால், அடுத்ததாக மனேஜர் இடம் வரும்போது விண்ணப்பிப்பேன் என்று தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் அதைச் சரி என்றுதான் சொன்னார்.