எந்த வயது அப்பா?

காலமானவருக்கு மார்பளவுச் சிலை செய்ய வேண்டும் என்று வருகிற குடும்பத்தினர் பெரும்பாலும் நிறையப் படங்களோடுதான் வருவார்கள். கல்யாண ஆல்பம், பழைய பாஸ்போர்ட், ஆதார் நகல், பேரப்பிள்ளைகள் கைபேசியில் எடுத்தது என எல்லாம் ஒரே குவியலாக இருக்கும். ஐம்பது வருட முகம் அதில் கலந்து கிடக்கும். நேர்முகத்தை ஒரு படத்திலிருந்தும் பக்கவாட்டை இன்னொரு படத்திலிருந்தும் எடுத்துக் களிமண்ணில் சேர்த்தால், ஒவ்வொரு அளவும் சரியாக இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார். பார்க்க வரும் வீட்டார், “அப்பாவோட தம்பி மாதிரி இருக்கு” என்பார்கள்.

இதற்குக் காரணம் தாடையில் இருக்கிறது. உடம்பு பூசினாற்போல் இருந்த காலத்து நேர்முகப் படத்தில் கன்னம் அகலமாக இருக்கும். மெலிந்திருந்த காலத்துப் பக்கவாட்டுப் படத்தில் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே கூர்மையான மடிப்பு தெரியும். இரண்டையும் மதித்துச் செய்தால் நேராகவும் பக்கத்திலும் குறை தெரியாது. முக்கால் பார்வைக்குத் திருப்பியதும் கன்னச்சதை ஒட்டவைத்ததுபோல் நிற்கும். கன்னத்துச் சதை இருக்கிற ஆளுக்கு மோவாய்க்கு அடியிலும் சதை இருக்க வேண்டும், கழுத்தும் தடிக்க வேண்டும். அவை சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குபவை.

ஆகவே படம் பொறுக்கும் முன் காலத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். இதில் வீட்டுக்குள்ளேயே ஒற்றுமை இருக்காது. மனைவி மனத்தில் நாற்பது வயது முகம் இருக்கும், பிள்ளைகள் மனத்தில் ஐம்பத்தைந்து, பேரன் பார்த்தது எழுபது. எல்லோரையும் உட்கார வைத்து, எந்த வயது என்று ஒரே பதில் வாங்கி எழுதிவைப்பது நல்லது. மெலிந்துபோன கடைசி இரண்டு மூன்று வருடங்களைத் தவிர்ப்பார்கள். அது அவர்கள் விருப்பம். ஆனால் “வயது எழுபது, உடம்பு அறுபது” என்று கலந்து கேட்டால் ஒப்புக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு முகம் எப்போதும் இருந்ததில்லை.

ஒரு வழக்கமான குவியலை எடுத்துக்கொள்வோம். ஆள் பிறந்தது 1948. கையில் இருப்பவை: 1974 கல்யாணக் கறுப்பு வெள்ளைப் படம், 1988-இல் அடர்த்தியான மீசையோடு ஸ்டூடியோவில் எடுத்தது, 1996 பாஸ்போர்ட், 2008-இல் நடந்த அறுபதாம் கல்யாண ஆல்பமும் வீடியோவும், 2010-இல் பேரனின் காதுகுத்தில் எடுத்த குழுப் படங்கள், 2017-இல் சர்க்கரையால் மெலிந்த பிறகு எடுத்த கைபேசிப் படங்கள். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் பெரிய படமும் உண்டு.

அந்த மாலை போட்ட படத்தைத்தான் வீட்டார் முதலில் நீட்டுவார்கள். அதை ஆதாரப் படமாக வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிதாக்கும்போது ஸ்டூடியோவில் சுருக்கத்தை வழித்து, முடியைக் கறுப்பாக்கி, சில சமயம் தலையை மட்டும் வெட்டி ஒரு கோட்டின் மேல் ஒட்டியிருப்பார்கள். கழுத்து எந்தத் தடிமனில் கோட்டுக்குள் இறங்குகிறது என்பதே பொய்யாகிவிடும். எந்தப் படத்தைப் பெரிதாக்கினார்கள் என்று கேட்டு மூலத்தை வாங்க வேண்டும்.

வீட்டார் சொன்ன வயது அறுபது என்றால், இங்கே ஆதாரமாக நிற்பது 2008. அறுபதாம் கல்யாணத்துக்குத் தேதி சந்தேகம் கிடையாது. ஒரே நாளில் முன்னால், பக்கத்தில், பின்னால் என்று எடுத்திருப்பார்கள். கலசாபிஷேகத்தில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது முடி மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். மண்டையின் உண்மையான வடிவம் அந்தச் சில நிமிட வீடியோவில் தெரிந்துவிடும். அபிஷேகத்துக்கு முன்னும், உடை மாற்றிய பிறகும் எடுத்த படங்களில் வாரிய முடி இருக்கும். மண்டையும் முடியும் தனித்தனியே ஒரே நாளில் கிடைப்பது அபூர்வம். பின்தலைப் படத்தை யாரும் தேடிக் கொண்டுவருவதில்லை, சிலையைச் சுற்றி நடந்து பார்க்கும்போதுதான் நினைவு வரும். அதுவும் இங்கே கிடைத்துவிடுகிறது.

2008-ஐ நட்டபிறகு, முன்னும் பின்னும் எந்தப் படம் அதோடு சேரும் என்று பார்க்க வேண்டும். வருடக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. ஒரே வருடத்தில் பத்து கிலோ இறங்கியவர்களும் உண்டு. வீட்டில் சர்க்கரை நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்த்தபோதும் தேதியும் எடையும் குறித்திருப்பார்கள். 2008-இல் 78 கிலோ, 2010-இல் 77, 2017-இல் 60 என்று இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

நோட்டு இல்லையென்றால் படத்திலேயே அளக்கலாம். கண்மணிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம், வளர்ந்த ஆளுக்கு எடை ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. ஆண்களுக்கு அது சுமார் 64 மில்லிமீட்டர். முகம் பெரிதாக வரும்படி பிரிண்ட் எடுத்து அந்தத் தூரத்தை அளந்துகொண்டு, வாய் ஓரங்களின் மட்டத்தில் முகத்தின் அகலத்தையும் அளந்து வகுக்க வேண்டும். 2008 படத்தில் கண் தூரம் 21, கன்ன அகலம் 42 என்றால் விகிதம் 2. 2017 படத்தில் 20-க்கு 35 என்றால் 1.75. இந்த இரண்டும் ஒரு சிலையில் சேரவே சேராது. 2010 காதுகுத்துப் படத்தில் 1.97 வந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் முகம் நேராக இருக்க வேண்டும். இரண்டு காதும் ஒரே அளவு தெரிகிறதா என்று பார்த்துவிட்டே அளக்க வேண்டும். சிரிக்கும் படமும் உதவாது. சிரிப்பில் கன்னம் ஏறி அகலம் கூடிவிடும்.

எடை மாறாமலே எடை மாறியதுபோல் காட்டுகிற படங்கள்தான் அதிகம் ஏமாற்றும். குழுப் படத்தின் ஓரத்தில் நிற்பவரின் முகத்தைக் கைபேசியின் அகன்ற லென்ஸ் பக்கவாட்டில் இழுத்துவிடும். அவர் நடுவில் நிற்கிற படத்தைத் தேடுங்கள். கைநீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய், முகம் ஒடுங்கித் தெரியும். இவற்றைவிடப் பெரிய கோளாறு வீடியோவில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்கள் பல 4:3 சட்டத்தில் எடுத்தவை. அகலத் திரையை நிரப்பும்படி இழுத்துப் போட்டிருந்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். அதிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டு, “அப்பா அப்போ நல்லா குண்டா இருந்தார்” என்பார்கள். சட்டத்துக்குள் நேராகத் தெரிகிற சுவர்க்கடிகாரத்தைப் பாருங்கள். வட்டம் படுத்த முட்டையாகத் தெரிந்தால் படத்தை ஒடுக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். கடிகாரம் இல்லையென்றால் நன்றாகத் திறந்த கண்ணின் கருவிழியே போதும், அதுவும் வட்டம்தான்.

தேதியிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயர் IMG-20190412-WA0003 என்று இருந்தால், 2019 ஏப்ரல் 12 என்பது அது வாட்ஸ்அப்பில் வந்த நாளே தவிர, எடுத்த நாள் அல்ல. எடுத்த தேதி அந்த வழியில் அழிந்துவிடும், படமும் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய டிஜிட்டல் கேமராக்களில் தேதியைச் சரியாக வைக்காமல் விட்டிருப்பார்கள், மூலையில் அச்சாகிற தேதி வருடக்கணக்கில் தவறும். பக்கத்தில் நிற்கிற குழந்தையின் உயரமும் பள்ளிச் சீருடையும் அதைவிட நம்பகமான சாட்சி.

முடி விஷயத்தில், சிலைக்கு நிறம் முக்கியமில்லை, பருமனும் நெற்றியின் மேல்கோடும்தான் முக்கியம். சாயம் போட்ட படத்தையும் நரைத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு காலம் போலத் தோன்றும். நெற்றிக்கோடு ஒன்றே என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். வெள்ளைச் சுவருக்கு முன் நரைத்த தலை சுவரோடு கரைந்து மண்டை சிறுத்துத் தெரியும், அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்ட வருடத்துப் படங்கள் உண்டா என்று தவறாமல் கேட்க வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். மூன்று சென்டிமீட்டர் முடியோடு இருக்கிற படத்தை, மொட்டை போட்டு இரண்டரை மூன்று மாதத்தில் எடுத்தது என்று அடையாளம் கண்டு தள்ளிவிடலாம். அது அவருடைய வழக்கமான தலைவாரல் அல்ல.

வகிடு எந்தப் பக்கம் என்பதில் படமே கண்ணாடிபோல் திரும்பியிருக்கலாம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருப்பார்கள், அல்லது செல்ஃபியாக இருக்கும். சட்டைப் பை அவருடைய இடது மார்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வகிட்டை நம்புங்கள். சட்டை இல்லாத படத்தில் மச்சத்தை வைத்துச் சரிபார்க்கலாம்.

வேறு காலத்துப் படங்களை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. எலும்பை அவற்றிலிருந்து கடன் வாங்கலாம். புருவ மேடு, மூக்குத்தண்டின் வளைவு, கண்குழியின் அமைப்பு, காதின் உள்மடிப்புகள் ஆகியவற்றுக்கு 1988 ஸ்டூடியோ படம்தான் ஒளி நன்றாக விழுந்து மிகத் தெளிவாக இருக்கும். 2017 படம் மெலிந்தது என்பதாலேயே கன்ன எலும்பும் தாடைக் கோணமும் எங்கே இருக்கின்றன என்று காட்டும். அந்த எலும்பை முதலில் களிமண்ணில் நிறுத்தி, 2008-இன் சதையை அதன்மேல் ஏற்றினால் கன்னம் காற்றடைத்ததுபோல் வராது. மொட்டைப் படம் எந்த வருடத்தது ஆனாலும் மண்டைக்கு உதவும். கன்னம், மோவாயின் அடி, கழுத்து, கண்ணுக்குக் கீழ்ப் பை, நெற்றிக்கோடு ஆகியவற்றை மட்டும் கடன் வாங்கக் கூடாது. காது மடலும் வயதோடு நீளும், மூக்கின் நுனியும் சற்றுத் தொங்கும். 1974 காதை அப்படியே அறுபது வயது முகத்தில் வைத்தால் சிறுத்திருக்கும். பல் விழுந்தவர்களிடம் உதடு உள்ளே போய் மூக்குக்கும் மோவாய்க்கும் உள்ள தூரமே குறைந்துவிடும். பல்செட் எப்போது கட்டினார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேலை மேடைக்கு எதிரே ஒட்டுவது அந்தக் காலத்து ஐந்தாறு படங்கள் மட்டும். கடன் வாங்கிய படங்களில் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதைத் தாள் ஒட்டி மறைத்துவிடுகிறோம். இல்லையென்றால் கண் தானாக அந்தக் கன்னத்தையும் எடுத்துக்கொள்ளும். களிமண் மாடல் முடிந்ததும், 2008 படங்களின் அதே கோணத்தில், ஏறத்தாழ அதே தூரத்தில் நின்று, ஒளியையும் அதே பக்கத்திலிருந்து விழவைத்து மாடலைப் படம் எடுத்து அருகருகே வைத்து வீட்டாருக்குக் காட்ட வேண்டும். நேர், முக்கால், பக்கவாட்டு மூன்றுக்கும் அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் மோல்டு எடுக்க வேண்டும். அன்று யாராவது கைபேசியில் புதிதாக ஒரு படத்தைக் காட்டி “இதுதான் அப்பா” என்றால், அது எந்த வருடம் என்று கேட்டு, முதலில் எழுதிவைத்த வயதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே களிமண்ணில் கை வைக்க வேண்டும்.