‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்ற வரியை எடுத்துவிட்டு நாங்கள் எழுதியது

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டும் தொழிலாளர்களின் முதுகுவலியைப் பற்றி நானும் என் வழிகாட்டி மேடமும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினோம். நான் பிசியோதெரபி படித்தவள். தரவு சேகரித்து முடித்து, முன்னுரை எழுத உட்கார்ந்தபோது மேடம் ஒரு வரியைச் சொன்னார்: “ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்களின் முதுகுவலியை இதுவரை எந்த ஆய்வும் ஆராயவில்லை. இதுதான் முதல் ஆய்வு.” எங்கள் துறையில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டுரையிலும் இப்படி ஒரு வரி இருக்கும். ஆய்விதழ்களும் புதுமை என்ன என்று, கட்டுரையோடு சேர்த்து அனுப்பும் அட்டைக் கடிதத்திலேயே கேட்கின்றன. அதனால் மேடம் சொன்னதில் வியப்பில்லை. ஆனால் அந்த வரியை எழுதுவதற்கு முன் தேடிப் பார்த்துவிடலாம் என்று கேட்டேன், அவரும் சரி என்றார்.

‘எந்த ஆய்வும் இல்லை’ என்பது உலகம் முழுவதற்கும், எல்லா மொழிக்கும், எல்லாக் காலத்துக்கும் சேர்த்துச் சொல்லும் வாக்கியம். எவ்வளவு தேடினாலும் அதை நிரூபிக்க முடியாது. ஆனால் அதைப் பொய்யாக்க ஒரே ஒரு கட்டுரை போதும். அந்த ஒரு கட்டுரையை எழுதியவரே நம் கட்டுரையின் மதிப்பாய்வாளராக வருவதற்கும் நல்ல வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ஆய்விதழ் ஆசிரியர்கள் அந்தத் தலைப்பில் ஏற்கெனவே எழுதியவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

முதலில் PubMed-இல் சாதாரணமாகத் தேடினேன். ‘rubber workers’ என்று போட்டால் டயர் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அவர்களுக்கு வரும் புற்றுநோயும் வந்து குவிகின்றன. ‘latex’ என்றால் கையுறை ஒவ்வாமை. ‘tapping’ மட்டும் போட்டால் விரலைத் தட்டச் சொல்லி நரம்பைச் சோதிக்கும் ஆய்வுகள். பல பேர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள் என்று நினைக்கிறேன்: முதல் இரண்டு பக்கத்தில் தங்கள் தலைப்பு தென்படவில்லை என்றதும் ‘ஒன்றுமே இல்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நம் தோட்டத்தில் பால்வெட்டு என்கிற வேலைக்கு வெளிநாட்டுக் கட்டுரைகளில் என்னென்ன பெயர் என்று யோசித்து, கடைசியில் இப்படி அமைத்தேன்:

```
("rubber tapper*" OR "rubber tapping" OR "rubber farmer*"
 OR "rubber plantation worker*" OR "latex harvest*")
AND (musculoskeletal OR "back pain" OR lumbago
 OR ergonomic* OR posture)
```

இப்படித் தேடியதும் படம் மாறிவிட்டது. தென் தாய்லாந்தின் ரப்பர் வெட்டுவோரிடம் தசை, மூட்டு வலிகளையும் வேலை செய்யும்போது உடல் இருக்கும் தோரணையையும் சேர்த்து மதிப்பிட்ட கட்டுரை 2012-லேயே வந்திருந்தது. இலங்கை ரப்பர் வெட்டுவோரிடம் இந்த வலிகள் எவ்வளவு பேருக்கு, எந்தக் காரணங்களோடு சேர்ந்து வருகின்றன என்று பார்த்த கட்டுரை 2016-இல். மேடத்திடம் காட்டினேன். கொஞ்ச நேரம் படித்துவிட்டு, “அப்போ புதுமைன்னு என்னத்த எழுதப் போறோம்?” என்றார்.

அவரே ஒரு யோசனையும் சொன்னார்: ‘கன்னியாகுமரி மாவட்டத்தில் முதல் ஆய்வு’ என்று போட்டுவிடலாம். பலரும் செய்வதும் அதுதான். உலகம் போனால் இந்தியா, இந்தியா போனால் தமிழ்நாடு, அதுவும் போனால் மாவட்டம், கடைசியில் திருவட்டார் ஒன்றியம் என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் ஏதாவது ஒரு இடத்தில் வரி உண்மையாகிவிடும். ஆனால் உண்மையாகும்போதே அது ஒன்றும் சொல்லாத வரியாகவும் ஆகிவிடுகிறது. தாய்லாந்தில் குனிந்து வெட்டுகிறவரின் முதுகும் கீரிப்பாறையில் குனிந்து வெட்டுகிறவரின் முதுகும் வேறுவேறாக இருக்கும் என்று நினைக்கக் காரணம் இருந்தால்தான் இடம் ஒரு புதுமை. அந்தக் காரணத்தை எழுத முடியவில்லை என்றால் இடத்தின் பெயரைப் புதுமையாகக் காட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வேலை செய்யும் தோரணையை வைத்துப் பார்க்கலாமா என்று அடுத்து யோசித்தோம். ஒட்டுக்கன்று மரத்தில் ஒட்டு இணைந்த இடத்திலிருந்து சுமார் 125 செ.மீ. உயரத்தில் வெட்டுத் தொடங்கும். வெட்ட வெட்டப் பட்டைக் கீற்று ஆண்டுதோறும் கீழே இறங்கும், வெட்டுகிறவரும் அதற்கேற்பக் குனிவார். இதை அளந்து எழுதினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் தோரணை மதிப்பீடு தாய்லாந்துக் கட்டுரையிலேயே இருக்கிறது. எங்கள் தரவிலும் கீற்றின் உயரத்தை ஒழுங்காகப் பதிவு செய்யவில்லை. அதனால் அதையும் விட்டோம்.

அப்புறம் நெருங்கிய கட்டுரைகள் இரண்டையும் முழுதாக, முறையியல் பகுதியை வரிவரியாக வாசித்தேன். சுருக்கத்தை மட்டும் வாசித்திருந்தால் வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது. இரண்டுமே ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு தடவை கேட்டுப் பதிவு செய்த ஆய்வுகள். எங்கள் தரவோ வேறு மாதிரி. மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில் வெட்டு நின்றிருக்கும்போது ஒரு தடவை, வெட்டு மறுபடி தொடங்கியதும் ஒரு தடவை, முழு வேலை ஓடும்போது ஒரு தடவை என்று அதே ஆட்களையே பார்த்திருந்தோம். அப்படிச் செய்யத் தோன்றியதற்குக் காரணமே ஒரு மூத்த தொழிலாளி சொன்னதுதான். “மக்களே, வெட்டு நிறுத்தின மாசம் முதுகு சும்மா கெடக்கும். மறுபடி கத்திய எடுத்த முதல் வாரந்தான் எழும்பவே முடியாது” என்றார். ஒரு தடவை மட்டும் கேட்கும் ஆய்வில், ஓய்வு மாதத்தில் போனால் வலி குறைவாகவும் வேலை தொடங்கிய வாரத்தில் போனால் அதிகமாகவும் தெரியும். எப்போது கேட்டோம் என்பதே விடையை மாற்றிவிடலாம். எங்கள் கட்டுரை சேர்ப்பது இதைத்தான். இடமும் இங்கே அர்த்தத்தோடு உள்ளே வருகிறது, ஏனென்றால் நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மழையால் வெட்டு தடைபடுவதும் மறுபடி தொடங்குவதும் இங்கே ஆண்டுக்கு ஒரு தடவையோடு முடிவதில்லை.

புதுமை இன்னது என்று தெரிந்தபின் அந்தக் குறுகிய புதுமைக்காக மறுபடியும் தேடினேன். முன்பு தேடிய சொற்களோடு, ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைக் காட்டும் சொற்களைச் சேர்த்தேன். Scopus-இலும் அதே தேடல். Google Scholar-இல் முடிவுகள் ஆயிரக்கணக்கில் வரும், அவை எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. முதல் 200-ஐப் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதைக் கட்டுரையிலும் எழுதினோம். 2012, 2016 கட்டுரைகளை அதற்குப் பின் யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலையும் திறந்து பார்த்தேன். என் அனுபவத்தில், சொல் வைத்துத் தேடுவதைவிட இந்தப் பட்டியல்தான் நெருங்கிய கட்டுரைகளைக் கூடுதலாகக் காட்டும்.

இந்தியாவுக்குள் தேடுவது தனி வேலை. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, மருத்துவம் சார்ந்த முதுநிலை ஆய்வேடுகளுக்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியம் என்று பார்த்தேன். நம் மாவட்டத்தின் பெயரே ஒரே எழுத்தில் இருப்பதில்லை என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்ததால் பழைய தோட்டப் பதிவுகள் அந்தப் பெயரில் இருக்கலாம்.

```
Kanyakumari OR Kanniyakumari OR "Cape Comorin"
OR Nagercoil OR Travancore
```

கல்லூரி நூலக அலமாரிகளில் மட்டும் இருக்கும் ஆய்வேடுகளை எந்தத் தேடலும் காட்டாது. எங்கள் தேடல் அவற்றை உள்ளடக்கவில்லை என்றே எழுதினோம். ஒவ்வொரு தேடலின் சொற்கள், தளம், தேதி, வந்த எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு எக்செல் தாளில் போட்டுவைத்தேன். பின்னால் அது கட்டுரையின் இணைப்பாகவே போனது.

வாக்கியத்தைக் கடைசியில் இப்படி அமைத்தோம் (கட்டுரை ஆங்கிலத்தில், இங்கே அதன் பொருளைத் தருகிறேன்): “ரப்பர் வெட்டுவோரின் முதுகுவலியைத் தாய்லாந்து, இலங்கை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அவை ஒரு நேரத்தில் எடுக்கப்பட்டவை. இணைப்பில் உள்ள தேடலில், வெட்டு நின்ற காலத்திலிருந்து வெட்டுக் காலம் வரை அதே தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு எதையும் நாங்கள் காணவில்லை.” ‘எங்களுக்குத் தெரிந்தவரை’ என்ற சொல்லை மேடம் சேர்க்கச் சொன்னார். அதை மட்டும் போட்டுவிட்டுத் தேடலைக் காட்டாவிட்டால் அந்தச் சொல்லுக்கு எடையே இல்லை என்றேன். தேடல் விவரம் பக்கத்திலேயே இருப்பதால், அந்தச் சொல் தேவைப்படவே இல்லை என்று இருவரும் முடிவு செய்தோம்.

‘முதல்’ என்ற சொல் முன்னுரையில் மட்டும் இருப்பதில்லை. தலைப்பு, சுருக்கம், கலந்துரையாடலின் முதல் பத்தி, அட்டைக் கடிதம் என்று எல்லாவற்றிலும் ஒளிந்திருந்தது. ஒன்றில் மாற்றி மற்றதில் விட்டால் கட்டுரை தன்னோடு தானே முரண்படும். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ICMJE-யின் பரிந்துரைகளே கலந்துரையாடல் பகுதியில் முன்னுரிமை கோருவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. இதை மேடத்திடம் காட்டியதும் தலைப்பிலிருந்தும் அவரே எடுத்துவிட்டார். அட்டைக் கடிதத்தில் ‘முதல் ஆய்வு’ இருந்த இடத்தில், ஒரு தடவை கேட்கும் ஆய்வுகளில் வலியின் அளவு கேட்கும் மாதத்தைப் பொறுத்து மாறக்கூடும் என்பதை எழுதினோம். ஆசிரியருக்கு வேண்டியதும் அதுதான் என்று தோன்றுகிறது.

மதிப்பாய்வு வந்தபோது புதுமையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: ரப்பர் அதிகம் விளைவது தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும், அந்நாட்டு மொழிகளில் வரும் ஆய்விதழ்களைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை, எங்களுக்கு அந்த மொழிகள் தெரியாது. திருத்தப் பதிப்பை அனுப்பும் முன் எல்லாத் தேடலையும் புதிய தேதியில் மறுபடி ஓட்டினேன், நெருங்கியதாக ஒன்றும் வரவில்லை. ‘எதையும் நாங்கள் காணவில்லை’ என்ற வரிக்கு முன் ‘ஆங்கிலத்தில் வெளியானவற்றுள்’ என்று சேர்த்தோம். தாய், இந்தோனேசிய மொழி ஆய்விதழ்கள் தேடப்படவில்லை என்பதை வரம்புகள் பகுதியில் தனி வாக்கியமாக எழுதி, அப்படியே அனுப்பினோம்.