பக்கெட் நிறைந்த கதை

எங்கள் வீட்டு ஆர்ஓ மிஷினின் வேஸ்ட் டியூப் ஒரு 20 லிட்டர் பக்கெட்டில்தான் விழும். அந்தத் தண்ணீரில் அம்மா பாத்திரம் கழுவுவார், வீடு துடைப்பார். பக்கெட் நிறைந்தால் எடுத்து ஊற்றுவது என் வேலை. இரண்டு மாதமாக நான் அலுவலகம் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பக்கெட்டோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

இருப்பது மேடவாக்கம் பக்கம். போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது, நுரைத்தால் போகாது. அதனால் மிஷின் இல்லாமல் குடிக்க வழியில்லை. முதலில் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வர ஆரம்பித்தது. சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டோம். மூடியைக் கழற்றி உள்ளே ஏதோ ஒரு திருகை லேசாகத் திருப்பினார். "இப்ப பாருங்க சார், வேகமா ரொம்பும்" என்றார். ஐந்து நிமிட வேலை. உண்மையிலேயே கொஞ்சம் வேகம் கூடியது. 350 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அப்பா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "உப்பு போட்டியாம்மா?" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருடமாகக் காபி போடுகிறவரிடம் கேட்கிற கேள்வியா அது? அன்று மதியம் சாப்பாடு ஒன்றரை மணிக்குத்தான் வந்தது.

மறுபடியும் அதே ஆள் வந்தார். எதையும் அளக்கவில்லை. சிவப்பு விளக்கு மின்னுவதைக் காட்டி, "மெம்பிரேன் போச்சு சார். எல்லா பில்டரும் மாத்தணும், 5,800 ஆகும்" என்றார். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பதே அந்த மெம்பிரேன்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

தெருமுனையில் பிளம்பிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "அந்த லைட்டுக்குக் கண்ணு கிடையாது தம்பி. இத்தன மணி நேரம் ஓடுனா எரியணும்னு சொல்லி வச்சிருக்கும், எரியும். தண்ணி எப்படி இருக்குன்னு அதுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரைக் கையில் கொடுத்தார். அளக்கும் டம்ளர் ஒன்று, செல்போனில் நிமிடம் பார்க்க ஒரு ஆள். இவ்வளவுதான் பரிசோதனைக் கூடம். ஆளாக அப்பா வந்தார்.

போர் தண்ணீர் 1,350 காட்டியது. குடிக்கிற குழாயில் 520. அப்பா என்னைப் பார்த்த பார்வையில், "உப்பு போட்டியாம்மா என்று கேட்டது தப்பா?" என்று இருந்தது. மெம்பிரேன் உண்மையிலேயே போய்விட்டதோ என்று எனக்கும் பயம். அண்ணன் போனில் சொன்னபடி, மெம்பிரேனிலிருந்து நல்ல தண்ணீர் வெளியேறும் டியூபை மட்டும் பிடுங்கி டம்ளரில் விட்டேன். பத்து நிமிடம் ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டுமாம், நின்றிருந்த மிஷினில் முதலில் வருவது பொய் சொல்லும். அளந்தேன். 140.

அதாவது மெம்பிரேன் 1,350-ஐ 140 ஆக்கித் தருகிறது. நடுவில் யாரோ உப்பைக் கலக்கிறார்கள். யார் என்று பார்த்தால், நம்ம ஆள் திருப்பிய அந்தத் திருகு! அது டிடிஎஸ் சரிசெய்கிற திருகு. அதைத் திறந்தால் மெம்பிரேன் வழியாகப் போகாத போர் தண்ணீர் நேராக வந்து நல்ல தண்ணீரில் சேரும். தண்ணீர் வேகமாக ரொம்பியதன் ரகசியம் இதுதான். 350 ரூபாய் கொடுத்துப் போர் தண்ணீரையே வாங்கிக் குடித்திருக்கிறோம்.

திருகை மூடினேன். உப்பு போனது. வேகமும் போனது. ஒரு நிமிடத்துக்கு 60 மில்லிதான் வந்தது. டேங்க் 8 லிட்டர், நிரம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் மோட்டார் ஓடும், வேஸ்ட் டியூபும் ஓடும்.

அண்ணன் அடுத்து வெளியே மாட்டியிருக்கும் முதல் பில்டரைத் திறக்கச் சொன்னார். வால்வை மூடிவிட்டுத் திற என்றும் சொல்லியிருக்கலாம். ஸ்பேனரைத் திருப்பியதும் மொட்டை மாடி டேங்க் மொத்தமும் என் வேட்டிக்கு வந்தது. உள்ளே இருந்த ஸ்பன் கேண்டில், வாங்கும்போது பஞ்சு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. இப்போது அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தது, வழவழவென்று. எங்கள் தண்ணீருக்கு மூன்று மாதம்தான் தாங்கும் என்று அண்ணன் சொன்னார். நான் ஒன்பது மாதம் வைத்திருந்தேன். ஏனென்றால் அதுவரை விளக்கு எரியவில்லை!

புதுக் கேண்டில் 120 ரூபாய். ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைத்து மூடினேன். இப்போது நிமிடத்துக்கு 170 மில்லி. மோட்டாருக்குத் தண்ணீர் போதுமான அளவு கிடைத்ததும் அழுத்தம் ஏறி, மெம்பிரேனில் வரும் உப்பும் 95-க்கு இறங்கியது. 5,800 ரூபாய் கொடுத்து நல்ல மெம்பிரேனை நான் குப்பையில் போட இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

சந்தோஷம் ஒரு ராத்திரி தாங்கவில்லை. முன்பெல்லாம் பத்து மணிக்குக் காலி பக்கெட் வைத்தால் காலையில்தான் வழியும். அன்று நடு ராத்திரியே வழிந்து சமையலறை குளமாகிவிட்டது. "சரி பண்ணினேன்னு சொன்னியே" என்றார் அம்மா, ஈரத்தில் நின்றபடி.

கவனித்தால், டேங்க் நிரம்பி மோட்டார் நின்றுவிட்டது. ஆனால் வேஸ்ட் டியூப் மட்டும் ஓடுகிறது. பிளக்கையே பிடுங்கிப் பார்த்தேன், அப்போதும் ஓடியது. அண்ணன் இதற்குத்தான் காத்திருந்தது போல, "கரண்ட் இல்லாம வேஸ்ட் ஓடுதுன்னா சோலனாய்டு வால்வு மூடல" என்றார். கரண்ட் வந்தால் திறந்து, போனால் மூட வேண்டிய வால்வு அது. உள்ளே துணுக்கு ஏதோ சிக்கி மூடாமல் நின்றுவிட்டது. இத்தனை நாள் கிழங்காகிப்போன கேண்டில்தான் அந்த ஒழுகலை அடக்கி வைத்திருக்கிறது. அதை மாற்றி வழிவிட்டதும் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் ராத்திரி முழுக்க வேஸ்ட் டியூப் வழியாகப் பக்கெட்டுக்கு.

புது வால்வு 250 ரூபாய். இரண்டு ஒயர், இரண்டு டியூப், பெரிய வித்தை இல்லை என்று மாட்டினேன். ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. வால்வின் மேல் அம்புக்குறி போட்டிருந்தார்கள். நான் அதைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். அப்பாதான் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார், ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்க மட்டும் செய்தார். திருப்பி மாட்டினேன். மோட்டார் நின்றது. டியூப் இரண்டு சொட்டு விட்டு நின்றது.

திருகை மட்டும் ஒரு கால் சுற்று திறந்து 150-ல் வைத்திருக்கிறேன், 95-ல் தண்ணீர் சப்பென்று இருக்கிறதாம், அப்பாவின் தீர்ப்பு. கேண்டில் மாற்றிய தேதியை மார்க்கரால் பில்டரின் மேலேயே எழுதியாயிற்று. விளக்கு இன்னும் மின்னுகிறது. அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அம்மா என்னை எழுப்பினார்.

"ஏண்டா, பாத்திரம் கழுவ பக்கெட்ல தண்ணியே இல்ல. மிஷின் மறுபடியும் ரிப்பேரா?"