பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல்: ஆக்சாலிக் அமிலம் காலை வாரும் இடம்

பிராக்டிகல் முடிந்தது, அப்பாடா! உப்புப் பகுப்பாய்வில் சிக்கலே இல்லை. பெர்மாங்கனேட் டைட்ரேஷனில்தான் பாதி மேசைகள் திணறின. நான்கு பேருக்கு ஒரே பர்னர் வைத்திருந்தார்கள். சூடாக்கி, இடத்துக்குக் கொண்டு வருவதற்குள் குடுவை ஆறிவிடுகிறது. அதில் வேகமாகப் பெர்மாங்கனேட்டை விட்டால் இளஞ்சிவப்புக்குப் பதில் பழுப்பாகக் கலங்கும். அது மாங்கனீஸ் டைஆக்சைடு. சல்ஃபியூரிக் அமிலம் குறைந்தாலும் இதே கதைதான்.

ஆகவே பியூரெட்டை முதலில் தயார் செய்துவிட்டு, அப்புறம் குடுவையைச் சூடாக்கப் போங்கள். பெர்மாங்கனேட்டாலேயே பியூரெட்டைக் கழுவி நிரப்பி, முனையில் காற்றுக் குமிழி இல்லை என்று பார்த்து, புனலை எடுத்துவிட வேண்டும். அடர்நிறக் கரைசல் என்பதால் மேல்மட்டத்தைத்தான் படிக்க வேண்டும். தொடக்கத்தில் மேல்மட்டம், முடிவில் கீழ்மட்டம் என்று மாற்றினால் கணக்கே போச்சு.

20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்தை ரப்பர் பல்பு வைத்து எடுங்கள். நச்சு அது, வாயால் உறிஞ்சவே கூடாது. அதே அளவு நீர்த்த சல்ஃபியூரிக் அமிலம் சேர்த்து 60–70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கொதிக்க விட்டால் ஆக்சாலிக் அமிலம் சிதையும். பக்கத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலப் பாட்டிலும் இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். அதைப் பெர்மாங்கனேட் குளோரினாக ஆக்சிஜனேற்றம் செய்வதால் ரீடிங் கூடிவிடும்.

முதல் சில துளிகளின் நிறம் மறைய நேரம் எடுக்கும், பதறாதீர்கள். வினையில் உருவாகும் மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்துவதால் பிறகு சட்டென்று மறையும். பழுப்பு தட்டினால் நிறுத்தி, சூடாக்கிக் குலுக்குங்கள். தெளியாவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல். அரை நிமிடம் நிலைக்கும் வெளிர் இளஞ்சிவப்புதான் முடிவு நிலை.

பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டியைக் கண்டுபிடிக்க எடுக்கும் பெரஸ் சல்ஃபேட் குடுவையை மட்டும் சூடாக்காதீர்கள். காற்றே அதை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், ரீடிங் குறையும்.

எந்த அளவு ரீடிங் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். எல்லாமே ஏறக்குறைய 0.1 N என்பதால் 20 மி.லி.க்குப் பக்கத்தில்தான் வரும். 0.1 N பெரஸ் சல்ஃபேட் 20 மி.லி.க்கு 20.2 மி.லி. பெர்மாங்கனேட் செலவானால் அதன் நார்மாலிட்டி 0.0990. ஆக்சாலிக்குக் 19.6 வந்தால் அதன் நார்மாலிட்டி 19.6 × 0.0990 ÷ 20 = 0.0970. சமான எடை 63, ஆகவே 500 மி.லி.யில் 3.06 கிராம். ரீடிங்கில் 0.5 மி.லி. பிசகினால் விடையில் கிட்டத்தட்ட 0.08 கிராம் தள்ளிப்போகும். அதனால் இரண்டு ரீடிங் 0.1 மி.லி.க்குள் ஒத்து வரும்வரை கணக்குப் பக்கம் போகாதீர்கள்.