கருத்தரிக்கும் முன் நாங்கள் ஒதுக்கிய மூன்று மாதம்

முதல் குழந்தைக்குத் திட்டமிடத் தொடங்கியபோது எனக்குச் சர்க்கரையோ தைராய்டோ வேறு எந்தத் தொந்தரவோ இல்லை. மாதவிடாயும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதனால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போகலாம் என்றதும், "கர்ப்பம் ஆன பிறகு போனால் போதாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதே கேள்வியை நான் மருத்துவரிடமும் கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் காட்டிய கணக்கு இது.

கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்குப் பதினான்காம் நாளை ஒட்டிக் கருமுட்டை வெளிவரும், கருவும் அப்போது உருவாகும். அடுத்த மாதவிடாய் வர வேண்டிய நாளில் கருவுக்கு இரண்டு வார வயது. ஒருசில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலான பெண்கள் சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். இதற்கிடையே, குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகிற நரம்புக் குழாய், கருவுக்கு நான்கு வாரம் ஆவதற்குள் மூடி முடிந்துவிடும். அதாவது மாதவிடாய் தள்ளிப்போனது தெரிந்த பிறகு கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டே வாரம். சுழற்சி முன்பின்னாக வருபவருக்கு அதுவும் இருக்காது.

அந்தக் குழாய் சரியாக மூடாவிட்டால் குழந்தையின் முதுகெலும்பில் திறப்பு இருக்கலாம், அல்லது மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாமல் போகலாம். ஃபோலிக் ஆசிட் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. ஆனால் இன்று மாத்திரை போட்டால் நாளைக்கே ரத்தத்தில் தேவையான அளவு நிரம்பிவிடாது. தினமும் எடுத்துக்கொண்டால்கூட அளவு படிப்படியாகத்தான் ஏறும், அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். குறைந்தது ஒரு மாதம் முன்னால் தொடங்க வேண்டும், இரண்டு மூன்று மாதம் கிடைத்தால் இன்னும் நல்லது என்றார். வீட்டில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கர்ப்பம் ஆன பிறகு போனால் இதற்கு நேரம் கடந்திருக்கும்.

எனக்கு எழுதிக்கொடுத்தது தினமும் 400 மைக்ரோகிராம். மருந்துக் கடையில் அட்டையைக் கையில் வாங்கியபோது அதில் 5 மில்லிகிராம் என்று இருந்தது. 5 மில்லிகிராம் என்றால் 5000 மைக்ரோகிராம், எனக்குச் சொன்ன அளவைப்போல் பன்னிரண்டரை மடங்கு. கடைக்காரரிடம் சீட்டைக் காட்டி மாற்றி வாங்கினேன். அந்தப் பெரிய அளவு தவறான மருந்து அல்ல. முன்பு இந்தக் குறையுடன் குழந்தை கருவான பெண்களுக்கும், சில வகை வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், மருத்துவர் தேவை என்று கருதும் வேறு சிலருக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. அதோடு, அதிகமான ஃபோலிக் ஆசிட் பி12 குறைபாட்டின் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்புப் பாதிப்போ உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும். நான் அசைவம் சாப்பிடுவதில்லை என்பதால் எனக்கு பி12 அளவையும் பார்க்கச் சொன்னார். சைவம் மட்டும் சாப்பிடுகிற பெண்கள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொன்று. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை, சத்து டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருந்தார். முடி உதிர்வதற்காக நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மாத்திரையின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ இருந்தது. இது அளவு மீறினால் கருவைப் பாதிக்கக்கூடியது, அதனால் அதை நிறுத்தச் சொன்னார். "ஃபோலிக் ஆசிட் கூடுதலாகக் கிடைக்கட்டுமே" என்று சத்து மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொள்வதும் இதே காரணத்தால் கூடாது. ஃபோலிக் ஆசிட் கூடும்போது வைட்டமின் ஏயும் சேர்ந்தே கூடும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுப்பவர்கள் கருத்தரிக்கவே கூடாது. நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் ஆன பிறகே முயற்சி செய்யலாம்.

அப்புறம் தடுப்பூசி. எங்கள் நாட்காட்டியை முடிவு செய்தது இதுதான்.

மருத்துவர் கேட்டது இரண்டு நோய்களைப் பற்றி: ரூபெல்லா, சின்னம்மை. ரூபெல்லா பெரியவர்களுக்கு லேசான காய்ச்சல், தடிப்போடு போய்விடும். ஆனால் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் தாய்க்கு வந்தால் கரு கலையலாம், அல்லது குழந்தை காது கேட்காமல், கண்புரையுடன், இதயக் குறையுடன் பிறக்கலாம். கர்ப்பக் காலத்தில் வரும் சின்னம்மை தாயின் நுரையீரலைத் தாக்கக்கூடும், சில சமயம் குழந்தையையும் பாதிக்கும். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. ஆனால் இரண்டுமே வலு குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியால் செய்யப்பட்டவை, அதனால் கர்ப்பிணிக்குப் போட மாட்டார்கள். முன்னாலேயே போட வேண்டும், விட்டால் பிரசவத்துக்குப் பிறகுதான்.

என் சிறுவயதுத் தடுப்பூசி அட்டை கிடைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "உங்க அண்ணனுக்கு அம்மை போட்டது நல்லா ஞாபகம் இருக்கு. உனக்கு வந்த மாதிரி தெரியலையேம்மா" என்றார். அதனால் இரண்டுக்கும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை எடுத்தோம். இந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தால் நோய் முன்பே வந்திருக்கிறது, அல்லது தடுப்பூசி வேலை செய்திருக்கிறது என்று பொருள். எனக்கு இரண்டுமே நெகட்டிவ். முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் மற்ற எல்லாப் பரிசோதனையிலும் நெகட்டிவ் என்றால் நல்ல செய்திதானே. இங்கே மட்டும் அதன் பொருள் 'பாதுகாப்பு இல்லை' என்பதுதான் என்று மருத்துவர் விளக்கினார். அறிக்கையை வீட்டிலேயே படித்துவிட்டுச் சரி என்று வைத்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டு, ஒரு கையில் ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர், இன்னொரு கையில் சின்னம்மைத் தடுப்பூசி போட்டார்கள். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் இரண்டை ஒரே நாளில் போடலாம். ஒரே நாளில் போடாவிட்டால் இடையில் நான்கு வாரம் விட வேண்டும், அப்படி விட்டால் நமக்குத்தான் மாதங்கள் வீணாகும். நான்கு வாரம் கழித்து இரண்டுக்கும் அடுத்த தவணை. அதன் பிறகு இன்னும் நான்கு வாரம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. ஆக மொத்தம் எட்டு வாரம் ஆணுறை கட்டாயம். பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்ததையும் சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்று மாதம் வந்துவிட்டது. ஃபோலிக் ஆசிட்டுக்குத் தேவையான காலமும் அதற்குள்ளேயே ஓடிவிட்டதால் காத்திருப்பு எதுவும் வீண் போகவில்லை.

முதல் தவணைக்குப் பிறகு, ஏறத்தாழ இரண்டாம் வாரத்தில் விரல் கணுக்களும் முழங்காலும் வலித்தன. காலையில் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துத் தூக்க விரல்கள் மடங்க மறுத்தன. ரூபெல்லாத் தடுப்பூசிக்குப் பிறகு வயது வந்த பெண்களுக்கு இப்படி வருவது உண்டு, தானாகப் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சில நாளில் போயே போய்விட்டது. இடையில் தவறிக் கர்ப்பம் ஆகிவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டு வைத்தேன். மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்றார். நான்கு வாரம் என்பது முன்னெச்சரிக்கைக்காக வைத்த இடைவெளி.

இரண்டு தவணையும் முடிந்ததும் மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்றால், வேண்டாம். தடுப்பூசியால் வரும் சின்னம்மை எதிர்ப்பைச் சாதாரணப் பரிசோதனைகள் பல சமயம் தவறவிடும், வீண் குழப்பம்தான் மிஞ்சும். போட்ட தேதிகள் எழுதிய அட்டையே போதும். அதோடு ஹெபடைட்டிஸ் பி-யும் பார்த்தார்கள். அதன் தடுப்பூசி உயிருள்ள கிருமி அல்ல, கர்ப்பத்திலும் போடலாம். அதனால் அது எங்கள் கணக்கை நீட்டவில்லை.

எடை விஷயத்தில் எனக்குச் சொன்னது சுருக்கமானது. உயரம் 160 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. கிலோவை மீட்டர் கணக்கில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ 26.6 வருகிறது, கொஞ்சம் அதிகம். எடை கூடுதலாக இருந்தால் கர்ப்பக் காலச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் 25-க்குக் கீழே வந்த பிறகுதான் முயற்சி செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எடையில் 5 சதவீதம், அதாவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இந்த மூன்று மாதத்தில் குறைந்தாலே பலன் உண்டு என்றார். பட்டினி கிடந்து வேகமாகக் குறைப்பதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்றார். அப்படிச் செய்தால் கருமுட்டை வெளிவருவதே தடைபடலாம், இரும்பும் மற்ற சத்துகளும் குறைந்த உடம்போடு கர்ப்பத்தில் நுழைய வேண்டியிருக்கும். இரவுச் சாப்பாட்டில் மாவுப் பொருளைப் பாதியாக்கிக் காய்கறியையும் பருப்பையும் கூட்டினேன், தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தேன். இரண்டே முக்கால் கிலோ குறைந்தது. அதோடு தொடங்கலாம் என்று சொல்லிவிட்டார்.

பழக்கங்களில் எனக்கு மாற்ற வேண்டியிருந்தது காபி மட்டும்தான். நாள் முழுக்கச் சேர்த்து 200 மில்லிகிராம் காஃபினுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள், ஏறக்குறைய இரண்டு கோப்பை. தேநீரும் இந்தக் கணக்கில் வரும். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, முயற்சி தொடங்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மாற வேண்டியவர் என் கணவர்தான், அவர் புகை பிடிப்பார். விந்தணு உருவாகி முதிர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், இன்று நிறுத்தினால் அதன் பலன் அதற்குப் பிறகு உருவாகும் அணுக்களில்தான் தெரியும் என்று மருத்துவர் அவரிடமே நேராகச் சொன்னார். என் தடுப்பூசி நாட்களும் அவர் புகையை விட வேண்டிய நாட்களும் ஒரே நேரத்தில் ஓடின. அவருக்கு நிகோடின் மெல்லும் கம் உதவியது. ஆண்களையும் அந்தச் சந்திப்புக்குக் கூட்டிப் போங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது தவணை முடிந்து நான்கு வாரம் கடந்ததும் ஆணுறையை நிறுத்தினோம். ஃபோலிக் ஆசிட் மட்டும் நிற்காது. கரு தங்கும் வரை ஒரு நாளும் விடாமல், தங்கிய பிறகு கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் வரை. முதல் மாதமே நடக்கவில்லையே என்று சிலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், அடுத்த மாதமே கரு தங்கினால் பழைய கணக்குக்கே போய்விடுகிறோம். வயது 35-க்குக் கீழே இருந்து ஒரு வருடம் முயன்றும், 35-க்கு மேல் என்றால் ஆறு மாதம் முயன்றும் ஆகவில்லை என்றால் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்தக் காத்திருப்பு முழுக்கவும் 400 மைக்ரோகிராம் தொடரும்.