அழுகை எந்த வீட்டாலும் வந்ததல்ல: மகளைக் கைமாற்றும் முறையை நாங்கள் மாற்றிய அனுபவம்

நானும் கணவரும் பிரிந்தபோது மகளுக்கு ஆறு வயது. இருவர் வீட்டிலும் அவள் மாறி மாறி இருப்பாள் என்பதில் எங்களுக்குள் சச்சரவு இருக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் அந்தச் சிறிது நேரம்தான் எங்களைப் படாத பாடு படுத்தியது. ஞாயிறு மாலை நெருங்கினாலே வயிறு வலிக்கிறது என்பாள். ஒரு கால் செருப்பை எங்காவது ஒளித்து வைப்பாள். அப்பா வாசலில் வந்து நின்றதும் என் கையை விடாமல் அழுவாள். அவருடைய வீட்டில் ஏதோ சரியில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து கிளம்பும்போதும் அவள் இதே போல் அவரைப் பிடித்துக்கொண்டு அழுவதாகவும், அதனால் அவர் என் வீட்டைச் சந்தேகித்ததாகவும் பிறகு தெரியவந்தது.

குழந்தைகள் மனநல ஆலோசகர் எங்களிடம் முதலில் கேட்டது, அழுகை எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்பதைத்தான். போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் விளையாடத் தொடங்கிவிடுவாள் என்று இருவருமே சொன்னோம். அப்படியானால் அழுகைக்குக் காரணம் வீடு அல்ல, பெற்றோர் இருவரும் எதிரெதிரே நிற்க, ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரிடம் நடந்து போக வேண்டிய அந்தக் கணம்தான் என்றார் அவர். பெரியவர்கள் வாய் திறக்காவிட்டாலும் அவர்களின் முகத்தைக் குழந்தை படித்துவிடுகிறது. யார் பக்கம் நடந்தாலும் மற்றவருக்குத் துரோகம் செய்வதாகவே அதற்குத் தோன்றுகிறது.

ஆகவே வாசலில் கைமாற்றுவதையே நிறுத்தினோம். காலையில் ஒருவர் பள்ளியில் விடுவார், மாலையில் மற்றவர் அழைத்துக்கொள்வார். இடையில் ஒரு முழுப் பள்ளி நாள் இருப்பதால், ஒருவரை விட்டு வந்த நினைவு ஆறிய பிறகே மற்றவரைச் சந்திக்கிறாள். இதற்கேற்ப நாட்களையும் மாற்றினோம். திங்கள், செவ்வாய் இரவுகள் எப்போதும் என்னிடம்; புதன், வியாழன் இரவுகள் எப்போதும் அப்பாவிடம்; வெள்ளி முதல் ஞாயிறு வரை வாரம் மாற்றி வாரம். இந்த முறையில் யாரையும் அவள் தொடர்ந்து ஐந்து இரவுகளுக்கு மேல் பிரிந்திருப்பதில்லை, மாற்றம் எல்லாமே பள்ளி நாட்களில்தான் விழுகிறது. கிழமையைச் சொன்னால் அன்று எந்த வீடு என்று அவளே சொல்லிவிடுவாள்; வாரக் கடைசிக்கு மட்டும் இரு வீட்டு நாட்காட்டியிலும் ஒரே இரு வண்ணங்களைப் பூசி வைத்தோம். இது பள்ளி வயதுக் குழந்தைக்குப் பொருந்திய ஏற்பாடு. கைக்குழந்தைக்கும் மழலைக்கும் ஐந்து இரவுகள் என்பது மிக நீண்ட இடைவெளி.

பள்ளிக்குப் பெட்டி தூக்கிப் போக முடியாது என்பதால், இரவு உடை, பல் துலக்கும் பிரஷ், வண்ணப் பென்சில் எல்லாம் இரண்டு வீட்டிலும் இருந்தாக வேண்டியதாயிற்று. அதுவும் நல்லதாகவே முடிந்தது. விருந்தாளியைப் போல மூட்டை கட்டும் வேலை அவளுக்கு இல்லாமல் போனது. அவள் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணி முயல் மட்டும் புத்தகப் பையின் அடியில் போய் வரும். அதற்கும் ஒரு நகல் வாங்கலாம் என்று அப்பா யோசித்தார். மணம் வேறாக இருக்கிறது என்று அவள் உடனே கண்டுபிடித்திருப்பாள் என்பது என் எண்ணம்.

வந்திறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் நான் எதையும் கேட்பதில்லை. “அங்கே என்ன செய்தாய்?” என்பது சாதாரண விசாரிப்பாகத் தோன்றினாலும், எந்தப் பதில் எனக்குப் பிடிக்கும் என்று தேடும் வேலையை அது அவளுக்குக் கொடுத்துவிடுகிறது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். மருந்து, தூக்கம், வீட்டுப்பாடம் ஆகியவற்றை நாங்கள் இருவரும் குறுஞ்செய்தியில் நேராகத் தெரிவித்துக்கொள்கிறோம். “அம்மாவிடம் சொல்லிவிடு” என்று அவள் வழியாக எந்தச் செய்தியும் போகாது, பணம் பற்றிய பேச்சு நிச்சயமாகப் போகாது.

வயிற்றுவலி உடனே மறையவில்லை. சில வாரங்களில் படிப்படியாகக் குறைந்தது. எதைக் கவனிக்க வேண்டும் என்று ஆலோசகர் தெளிவாகவே சொல்லியிருந்தார். மாறும் நாளில் சிணுங்கி, ஓரிரு நாளில் தெளிந்துவிட்டால் அது மாற்றத்தின் சோர்வு. தூக்கம், சாப்பாடு, படிப்பு வாரக்கணக்கில் கெட்டாலோ, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பவும் வந்து நீடித்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஓர் ஆளையோ ஒரு செயலையோ சொல்லிப் பயப்படுகிறாள் என்றால், அதைப் பழக்கமாகிவிடும் என்று தள்ளிவிடாமல் அன்றே விசாரிக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு தடுமாறுவது நீண்ட விடுமுறையில்தான், ஏனென்றால் அப்போது நடுவில் பள்ளி இல்லை. அந்நாட்களில் ஓவிய வகுப்பில் ஒருவர் விட்டு மற்றவர் அழைத்துக்கொள்கிறோம். வகுப்பும் இல்லாத நாளில், அவள் யாரிடம் இருக்கிறாளோ அவரே மற்றவர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறார். அழைத்துப் போக ஒருவர் வந்து நின்றால், தன்னை எடுத்துக்கொண்டு போவதாகக் குழந்தைக்குத் தோன்றும். கொண்டுபோய் விடும்போது, “போய் வா” என்று அனுப்புபவரே அனுமதி தருவது போலாகிறது.