பிளாக் ஃபாரஸ்ட் கேக்கின் வெட்டுமுகம்

மதுரையில் பேக்கரிகளின் விலைப்பட்டியலுக்கும் கேக் பெட்டிகளுக்கும் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். முழுக் கேக்கைப் படமெடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஒரு துண்டை உருவி, உள்ளே இருக்கும் அடுக்குகளைக் காட்டி, மேற்புறமும் கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். அதிலும் பிளாக் ஃபாரஸ்ட் மிகவும் சோதிக்கும். கரிய ஸ்பாஞ்சின் பொடி சிறிதளவு இழுபட்டாலும் வெள்ளைக் கிரீமில் அழுக்குப் படிந்தது போலத் தெரியும்.

அண்ணா நகர்ப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்தபோது, கேக் மாஸ்டர் புதுக் கத்தியோடு தயாராக நின்றார். "அண்ணே, கத்தி அப்புறம். எந்த இடத்தில் வெட்டப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அடுக்குவோம்" என்றேன். வெட்டுமுகத்தின் அழகு பெரும்பாலும் அடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அடி அட்டையில் இரண்டு பல்குச்சிகளை ஒட்டி வெட்டுக்கோட்டைக் குறித்துக்கொண்டோம். அந்த இடத்தில் கிரீம் விளிம்புவரை ஒரே கனத்தில் நிரம்ப வேண்டும். செர்ரிகளை டிஷ்யூ தாளில் ஒற்றி ஈரம் போக்காவிட்டால் சிவப்புச் சாறு கிரீமில் ஊறிப் பரவும். சர்க்கரைப் பாகை அதிகம் தெளித்தால் ஸ்பாஞ்சு நசுங்கி, நுண்துளைகள் அடைபட்டு, களி போலத் தோன்றும். பக்கவாட்டில் ஒட்டும் சாக்லேட் துருவலைக் கத்தி இறங்கும் கோட்டில் மட்டும் ஒட்டாமல் விட்டோம். இல்லையென்றால் கத்தி அதையும் உள்ளே இழுத்துச் சென்றுவிடும்.

அதன்பின் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தோம். கிரீம் இறுகும் அளவுக்குக் குளிர்ந்தால் போதும். நெடுநேரம் உறைந்த கேக்கை மதுரை வெயிலுக்குக் கொண்டுவந்தால் அதன் மேல் நீர் முத்துமுத்தாக வேர்த்துவிடும். நீண்ட, மெல்லிய கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, அழுத்தாமல் லேசாக அறுத்தபடி அடிவரை இறக்கினார் மாஸ்டர். இறக்கிய கத்தியை மேலே தூக்கக் கூடாது. தூக்கினால் பொடி மறுபடியும் கிரீமில் ஏறும். அட்டையை ஒட்டி வெளிப்பக்கமாக உருவியெடுத்து, துடைத்துவிட்டுத்தான் அடுத்த வெட்டு. துண்டை எடுத்தபின், விட்டுவைத்த இடத்தில் சாக்லேட் துருவலை இடுக்கியால் வைத்தோம்.

கேமராவைக் கேக்கின் மேற்பரப்பைவிடச் சற்று உயரத்தில் வைத்தால் அலங்காரமும் வெட்டுமுகமும் சேர்ந்து தெரியும். ஒளி பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். நேர் எதிரே விளக்கை வைத்தால் ஸ்பாஞ்சின் துளைகள் மறைந்து முகம் தட்டையாகிவிடும். வெட்டிய பள்ளத்தின் மறுபக்கம் இருண்டுபோகாமலிருக்க ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தேன்.

படத்துக்காகச் செர்ரியை அதிகம் சேர்க்கலாமா என்று கடைக்காரர் கேட்டார். நான் ஒப்பவில்லை. பெட்டியில் பார்க்கும் அடுக்கைத்தான் வீட்டில் வெட்டும்போதும் எதிர்பார்ப்பார்கள். ஆகவே அன்றாடம் விற்கும் கேக்கில் எத்தனை போடுவாரோ, அத்தனையையே மாஸ்டர் போட்டார். அவற்றில் சில வெட்டுக்கோட்டில் அமையும்படி மட்டும் பார்த்துக்கொண்டோம்.